காரிலும் டைமர், சுவரிலும் டைமர்: இரவு சார்ஜ் ஏறாமல் போன கதை

வீட்டு மின்சாரத்தில் நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணத்துக்கு மாறியதில் எந்தச் சிக்கலும் இல்லை. மீட்டரை மாற்றினார்கள், இரவு 11 முதல் காலை 5 வரை குறைந்த கட்டணம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். மின்சாரக் காருக்கான சுவர் சார்ஜரும் மாட்டியாகிவிட்டது. காரின் திரையில் சார்ஜ் ஆரம்பிக்க 11:00, முடிக்க 5:00 என்று வைத்துவிட்டு, மாலையே கேபிளைச் செருகிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பேட்டரி மாலையில் இருந்த அதே அளவில் நின்றது.

தினமும் இப்படி என்றால்கூடப் பரவாயில்லை. சில இரவுகள் ஒழுங்காக ஏறியது, சில இரவுகள் ஒரு யூனிட்கூட ஏறவில்லை. சார்ஜர் கம்பெனிக்கு போன் செய்தால், "சார், எங்க சார்ஜர் ராத்திரி சரியா கரண்ட் கொடுக்கத் தயாராத்தான் இருந்திருக்கு, கார்தான் எடுத்துக்கலை" என்றார்கள். கார் சர்வீஸில் கேட்டால், "காருக்குக் கரண்டே வரலைன்னு பதிவாகியிருக்கு, சார்ஜரைப் பாருங்க" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்பது பிறகுதான் புரிந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கடைசியில் இரண்டு ஆப்களிலும் உள்ள பதிவுகளை நானே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சார்ஜ் ஏறாத ஓர் இரவில் காரின் பதிவு: 11:00, சார்ஜ் தொடங்க முயற்சி, மின்சாரம் இல்லை. சார்ஜரின் பதிவு: 11:06, தயார், காருக்காகக் காத்திருக்கிறது. அந்த ஆறு நிமிட இடைவெளியில்தான் விஷயம் இருந்தது. சார்ஜரை மாட்டிய எலெக்ட்ரீஷியன், சார்ஜர் ஆப்பின் கட்டணப் பக்கத்தில் அதே 11 முதல் 5 வரை நேரத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. போதாததற்கு அந்த சார்ஜர், குறித்த நேரத்தில் உடனே தொடங்காமல் தினமும் சில நிமிடம் தாமதிக்கும், அதுவும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு அளவு. எல்லா வீட்டு சார்ஜர்களும் ஒரே நொடியில் இழுத்தால் மின்கட்டமைப்புக்குச் சுமை என்பதால் சில சார்ஜர்களில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு.

இதில் காருக்கு என்ன ஆகிறது? கேபிளில் மின்சாரக் கம்பிகள் தவிர, காரும் சார்ஜரும் பேசிக்கொள்ள ஒரு மெல்லிய சைகைக் கம்பி இருக்கிறது. சார்ஜர் கொடுக்கத் தயாராக இருந்தால், இத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று அதில் ஒரு துடிப்பு அனுப்பும். தயாராக இல்லாவிட்டால் துடிப்பு இருக்காது, வெறும் நிலையான வோல்டேஜ்தான். என் கார் 11 மணிக்கு எழுந்து பார்த்துவிட்டு, துடிப்பு இல்லை என்றதும் சில நிமிடம் காத்திருந்து தூங்கிவிடும். 11:06க்கு துடிப்பு வந்தபோது கேட்க ஆள் இல்லை. தாமதம் ஒன்றிரண்டு நிமிடமாக இருந்த இரவுகளில் கார் விழித்திருந்தது, சார்ஜ் ஏறியது. எல்லாக் கார்களும் இப்படித் தூங்கிப் போவதில்லை. சில சார்ஜர்களும் சைகையை ஒரு கணம் துண்டித்து, கேபிளைக் கழற்றிச் செருகியது போலக் காட்டி காரை எழுப்பும். ஆனால் உங்களுடையது அப்படி எழுப்புமா என்பதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆகவே டைமர் ஒரே இடத்தில் இருக்கட்டும். நான் சார்ஜரின் அட்டவணையை முழுவதுமாக நீக்கி, செருகியதும் கொடுக்கும் நிலைக்கு மாற்றினேன். நேரத்தைக் கார் பார்த்துக்கொள்கிறது. காரில் டைமர் சரியில்லை என்றாலோ, ஒரே சார்ஜரில் இரண்டு கார் மாறி மாறி நிற்கும் என்றாலோ நேர்மாறாகச் செய்யலாம்: சார்ஜரில் நேரம், காரில் உடனடி சார்ஜ். அப்படிச் செய்தால் பகலிலேயே ஒருமுறை சோதித்துவிடுங்கள். சார்ஜரில் நேரத்தை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி வையுங்கள். பத்து நிமிடம் தள்ளிச் சோதித்தால் பல கார்கள் தேறிவிடும், ஏனென்றால் செருகிய புதிதில் அவை இன்னும் தூங்கியிருக்காது.

இத்துடன் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் அடுத்தது வந்தது. "புறப்படும் நேரத்தை மட்டும் போடுங்க, மிச்சத்தைக் காரே கணக்குப் போட்டுக்கும்" என்று கார் சர்வீஸில் ஆலோசனை சொன்னார்கள். நான் காலை 6:30க்குக் கிளம்புபவன். அதைப் போட்டேன். காலையில் பேட்டரி 80 சதவீதம், பிரமாதம். ஆனால் மீட்டரைப் பார்த்தால் கூடுதல் கட்டணக் கணக்கு ஏறியிருந்தது.

கணக்கு இதுதான். 60 யூனிட் பேட்டரி, 25லிருந்து 80 சதவீதம் வரை என்றால் 33 யூனிட். வழியில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 37 யூனிட் போல இழுக்கும். 32 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 7.4 யூனிட் கொடுக்கும், ஆக ஐந்து மணி நேரம். காருக்குச் சொல்லப்பட்டது 6:30 மட்டும், எனவே பின்னோக்கி எண்ணி 1:30க்குத் தொடங்கி 6:30க்கு முடித்தது. 5 மணிக்கு மேல் ஓடிய ஒன்றரை மணி நேரம், அதாவது 11 யூனிட், முழுக் கட்டணத்தில். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! சில கார்களில் புறப்படும் நேரத்துடன் குறைந்த கட்டண நேரத்தையும் தனியாகப் பதியும் இடம் இருக்கும். இருந்தால் இரண்டையும் நிரப்புங்கள். இல்லாவிட்டால் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் நம்புங்கள். கிளம்பும் முன் உட்புறத்தைச் சூடாக்குவது, குளிர்விப்பது இரண்டும் அந்த நேரத்தில் சுவரிலிருந்தே இழுக்கும், அதையும் அணைத்து வையுங்கள்.

சரி, ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆப் காட்டும் வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். பில் போடுவது மீட்டரின் கடிகாரம், உங்கள் போனின் கடிகாரம் அல்ல. இரண்டு கட்டண மீட்டரில் பொதுவாக இரண்டு எண்கள் மாறி மாறி வரும், ஒன்று குறைந்த கட்டணத்துக்கு, ஒன்று மற்ற நேரத்துக்கு. படுக்கும் முன் இரண்டையும் போட்டோ எடுங்கள், காலையில் மறுபடி எடுங்கள். காருக்கு ஏறியது முழுவதும் முதல் எண்ணில் வந்திருக்க வேண்டும். இரண்டாவது எண் ஃபிரிட்ஜ், விளக்கு அளவுக்கு மட்டும் நகர்ந்திருக்க வேண்டும். மீட்டர் சில நிமிடம் முன்பின் ஓடலாம், கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் சில மீட்டர்கள் மாறாமலே நிற்கும். அந்தச் சில நிமிட வித்தியாசத்துக்காக இப்போது என் காரில் தொடக்கம் 11:15, முடிவு 4:45. ஐந்தரை மணி நேரம், 40 யூனிட்டுக்கு மேல் வரும், எனக்குத் தாராளம். 16 ஆம்பியர்தான் என்றால் இதில் பாதிதான் கிடைக்கும், அவர்கள் ஒரே இரவில் நிரப்ப நினைக்காமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்வதே வழி.

இன்னும் ஒன்று. டைமரை வீட்டு முகவரிக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள். பொதுவாக வைத்தால் வெளியில் எங்கேயாவது செருகும்போதும் கார் இரவு வரை காத்திருக்கும், அவசரத்தில் காரணமே புரியாது. வீட்டிலேயே அவசரமாக ஏற்ற வேண்டும் என்றால் 'இப்போதே சார்ஜ்' பொத்தான் இருக்கிறது. ஆனால் அதை அழுத்திய பிறகு சில கார்களில் அட்டவணை அணைந்தே கிடக்கும், அடுத்த முறை செருகும்போது திரையில் 11:15 தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.