இரண்டு லாரித் தவணைக்கு ஐம்பது லட்சம்

கடலூர் ஓ.டி.யில் சின்ன ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஐஸ் வாங்க ஆள் வராது. போன தடைக்காலத்தில் வங்கித் தவணையை மட்டும் எப்படியோ கட்டிவிட்டேன், பிளான்ட் அடமானத்தில் இருப்பது அங்கேதானே. வேறொரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கிய லாரிக் கடனுக்குத்தான் மே, ஜூன் இரண்டு தவணை நின்றுபோனது. மொத்தம் 62,800 ரூபாய். படகு போக ஆரம்பித்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 18-ம் தேதி பதிவுத் தபால் வந்தது. அனுப்பியது லாரிக் கம்பெனி அல்ல, வங்கி. டேர்ம் லோன் பாக்கி 38 லட்சம், லிமிட் வரை வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் கேஷ் கிரெடிட்டில் எடுத்திருந்த 12 லட்சம், ஆக 50 லட்சத்தையும் 15 நாளில் கட்டச் சொல்லியிருந்தார்கள். அதே வாரம் உப்பு வியாபாரிக்குக் கொடுத்த காசோலை திரும்பியது. லிமிட்டில் இன்னும் 3 லட்சம் மிச்சம் இருந்தது, ஆனால் இனி எடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். ஐஸ் உறையவைக்கும் பிரைன் தொட்டிக்கு உப்பு வாங்க வழியில்லை. நாலு நாள் முன்னால்தான் தடைக்காலம் முடிந்து துறைமுகம் பரபரப்பாகியிருந்தது.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சித்தப்பா வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பத்திரத்தை மூக்குக்கு நேராகப் பிடித்து இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். கடன் வாங்கியவரோ ஜாமீன்தாரரோ வேறு எந்த நிதி நிறுவனத்தில் தவறினாலும் இந்தக் கடனிலும் தவறியதாகக் கொள்ளப்படும் என்றது ஒன்று. அதுதான் கிராஸ் டிஃபால்ட். அப்படித் தவறினால் தவணைக் கணக்கெல்லாம் ரத்தாகி முழுப் பாக்கியும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும் என்றது இன்னொன்று, ஆக்சிலரேஷன். எவ்வளவு தொகை நின்றால், எத்தனை நாள் நின்றால் என்ற வரம்பு இரண்டிலும் இல்லை. ஜாமீன்தாரர் என் மனைவி. அவள் பேரில் ஒரு கடன் நின்றிருந்தாலும் இதே கதைதான்.

"பிளான்ட்டை இப்பவே ஏலம் போட்டுடுவாங்களா சித்தப்பா?" என்றேன்.

"இப்ப முடியாதுடா. உன் பேங்க் கணக்குல ஒரு ரூபா நிலுவை இல்ல. லாரிக் கம்பெனியில நின்னதை வெச்சு இவங்க உன்னை வாராக்கடன்ல போட முடியாது. வாராக்கடன் ஆனாத்தான் கோர்ட்டுக்குப் போகாம அடமானத்தை எடுக்கற சர்ஃபேசி சட்ட நோட்டீஸ், அப்புறம் 60 நாள். ஆனா இந்த 15 நாளை விட்டேன்னா அம்பது லட்சமும் நிலுவை. அன்னையிலேர்ந்து வாராக்கடனுக்கான 90 நாளை எண்ண ஆரம்பிச்சிடுவாங்க."

எனக்கு அதுவரை புரியாதது இதுதான். தவணை ஒழுங்காகக் கட்டிவந்த கணக்கு, அந்தக் கடிதத்தின் கெடு முடிந்தால் நிஜமாகவே தவறிய கணக்காகிவிடும். வங்கி கடனைத் திரும்பக் கேட்டது தெரிந்தால் லாரிக் கம்பெனியும் அதன் பத்திரத்தில் உள்ள இதேபோன்ற ஷரத்தை எடுக்கலாம்.

மறுநாளே மனைவியின் வளையலை வைத்து லாரி நிலுவையை அபராதத்தோடு கட்டினேன். நிலுவை இல்லை என்று கடிதமும் புதிய கணக்கு அறிக்கையும் வாங்கினேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சித்தப்பா விடவில்லை. நிலுவையைக் கட்டினால் தவறு தீர்ந்ததாகும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை, வங்கி மன்னித்தால்தான் உண்டு என்றார். அதனால் நோட்டீஸை வாபஸ் பெறக் கேட்டு இணைப்புகளோடு பதிவுத் தபாலில் பதில் அனுப்பினோம். கிளை மேலாளர் நல்ல மனிதர். "பாத்துக்கலாம் சார், கவலைப்படாதீங்க" என்றார். அந்த வார்த்தையை நம்பி உட்காராமல் இரண்டு நாளைக்கு ஒரு தடவை போய் நின்றேன். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது வாபஸ் கடிதம் கைக்கு வந்தது. லிமிட் திறக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. அதுவரை உப்பைக் கடனுக்குத்தான் வாங்கினேன்.

கேஷ் கிரெடிட் புதுப்பிப்பின்போது மூன்று கேட்டேன்: 5 லட்சத்துக்குக் கீழ் நின்றால் கணக்கில் எடுக்கக் கூடாது, சரிசெய்ய 30 நாள் வேண்டும், மற்ற நிறுவனம் தன் கடன் முழுவதையும் திரும்பக் கேட்டால் மட்டுமே இந்த ஷரத்து பாய வேண்டும். மூன்றாவது முன்பே ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் போன வருஷத்துக் கடிதமே வந்திருக்காது, லாரிக் கம்பெனி தவணையைத்தானே கேட்டது. அச்சடித்த ஒப்பந்தத்தில் கைவைக்க முடியாது என்றார்கள். சரி, சாங்ஷன் கடிதத்தில் தனி நிபந்தனையாகப் போடுங்கள் என்றேன். 30 நாள் மட்டும் கிடைத்தது. அதுவும் கேஷ் கிரெடிட்டுக்குத்தான், டேர்ம் லோன் பத்திரம் பழையபடியே இருக்கிறது. அதனால் இந்த வருஷம் ஏப்ரல் பிறக்கும் முன்பே இரண்டு லாரித் தவணைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைத்துவிட்டேன்.