கூகுள் புரொஃபைலில் ‘சர்வீசஸ்’ பகுதி: ஒரு கல்யாண போட்டோகிராபரின் அனுபவம்

கடலூர், புதுச்சேரி பக்கம் கல்யாண போட்டோ எடுப்பவர்களில் பாதிப் பேர் இன்னொருவருக்காக எடுப்பவர்கள்தான். ஸ்டுடியோக்காரர் புக்கிங் பிடிப்பார், நாம் கேமராவோடு போய் நிற்போம், நாள் கூலி வாங்கிக்கொண்டு வருவோம். எடிட்டிங்கும் அதே கதைதான். நானும் சில வருடம் அப்படி ஓட்டியவன். குடும்பங்கள் நேரடியாக என்னைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு ஆடி மாதத்தில், கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் தொடங்கினேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கையில் நேரம் இருந்தது.

தொடங்குவது பெரிய வேலை இல்லை. எனக்குக் கடை இல்லை, வீட்டில்தான் எடிட்டிங். அதனால் முகவரியை மறைத்துவிட்டு, போய் வேலை செய்யும் ஊர்களை மட்டும் கொடுத்தேன். அதிகபட்சம் 20 இடம் கொடுக்கலாம். மொத்தப் பரப்பும் இருக்கும் இடத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கூகுளின் வழிகாட்டல். கடலூர், புதுச்சேரி, பண்ருட்டி, சிதம்பரம், விழுப்புரம், திண்டிவனம் என்று நிறுத்திக்கொண்டேன். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டது. தெருப் பெயர்ப் பலகை, கேமரா, எடிட்டிங் செய்யும் மேசை எல்லாவற்றையும் வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாகக் காட்ட வேண்டும். நாள் முழுக்க வெட்டி ஒட்டுகிறவனுக்கு அது கொஞ்சம் கை அரிக்கும் வேலைதான். பெயர் இருக்கும் இடத்தில் விசிட்டிங் கார்டில் உள்ள பெயரை மட்டும் போட்டேன். அங்கே ‘Best Wedding Photographer Cuddalore’ என்று சேர்ப்பவர்கள் உண்டு. அது விதிக்குப் புறம்பு, யாராவது புகார் கொடுத்தால் புரொஃபைலே முடங்கலாம்.

என்னென்ன வேலை செய்கிறோம், என்ன விலை என்று பட்டியல் போடும் சர்வீசஸ் பகுதிக்கு வருகிறேன். நம் கணக்கில் நுழைந்து கூகுளில் நம் தொழிலின் பெயரைத் தேடினால் மேலே சில பட்டன்கள் வரும். அதில் `Edit services` இருக்கும். உள்ளே போனால் நாம் தேர்ந்தெடுத்த கேட்டகரி வாரியாகத் தலைப்புகள் தெரியும். என்னுடைய முதன்மைக் கேட்டகரி `Wedding photographer`, கூடுதலாக `Video editing service`. ஒவ்வொன்றின் கீழும் கூகுள் சில பெயர்களைத் தயாராக வைத்திருக்கும், தொட்டால் சேர்ந்துவிடும். வேண்டாம் என்றால் `Add custom service` மூலம் நாமே எழுதலாம். சேவையின் பெயருக்கு 120 எழுத்து, விவரத்துக்கு 300 எழுத்து வரை இடம். விலைக்கு `No price`, `Free`, `Fixed`, `From` என்று நான்கு வழி.

தயாராக இருப்பதைத் தொட்டுச் சேர்த்துவிட்டு வெளியே வந்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. தாமே எழுதுபவர்களும் போடுவது என்ன? கேண்டிட், சினிமாட்டிக், டிரெடிஷனல் என்ற வகைப் பெயர்கள். நமக்குள் பேச அவை சரி. பெண்ணின் அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு வேறு. கல்யாணம் கோயிலிலா மண்டபத்திலா, முந்தின நாள் ரிசப்ஷன் உண்டா, ஆல்பம் எத்தனை ஷீட், இவ்வளவுதான். அதனால் கேமரா பாணியை விட்டுவிட்டு, நிகழ்ச்சியை வைத்துச் சேவைகளைப் பிரித்தேன்.

எனக்கு அதிகம் பலன் கொடுத்த ஒரே வரியைச் சொல்கிறேன். கடலூரை ஒட்டித் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் இருக்கிறது. ஆவணி, தை மாதங்களில் பெரிய முகூர்த்த நாள் என்றால் அங்கே ஒரே நாளில் நடக்கும் கல்யாணம் நூறைத் தாண்டும். ஜோடி ஜோடியாக வரிசை, ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கொஞ்ச நேரம். லைட் ஸ்டாண்டு வைக்க இடம் இருக்காது. தாலி கட்டும் நொடியில் முன்னால் பத்து மொபைல் நீளும், பின்னால் அடுத்த ஜோடியின் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். இது இரண்டு நாள் மண்டபக் கல்யாண வேலை அல்ல, அரைநாள் வேலை. ஆனால் எல்லா ஸ்டுடியோவும் இரண்டு நாள் பேக்கேஜைத்தான் முன்னால் வைக்கும். கோயில் கல்யாணத்துக்காரர்கள் அந்த விலையைப் பார்த்து ஓடிவிடுவார்கள்.

அதனால் ஒரு தனிச் சேவை எழுதினேன். பெயர் `Temple wedding photo and video, Thiruvanthipuram, half day`. பெயரை ஆங்கிலத்தில் வைத்ததற்குக் காரணம், நம்மவர்கள் மொபைலில் தட்டுவது பெரும்பாலும் அப்படித்தான். விவரத்தைத் தமிழில் எழுதினேன்:

“காலை 5 முதல் 11 வரை. மாலை மாற்றல், தாலி கட்டு, குடும்பக் குழுப் படம். ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர். 30 ஷீட் ஆல்பம், எடிட் செய்த படங்கள், முழு வீடியோ. டிரோன், எல்இடி திரை இதில் இல்லை. கடலூர், புதுச்சேரிக்கு வெளியே என்றால் பயணச் செலவு தனி.”

தமிழில் 300 எழுத்து சீக்கிரம் தீர்ந்துவிடும். கம்ப்யூட்டர் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும். ‘கல்யாணம்’ நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு எட்டு. ஆகவே ‘தரமான’, ‘மறக்க முடியாத’ போன்றவற்றுக்கு இடம் வைக்காமல், என்ன உண்டு, என்ன இல்லை என்பதை மட்டும் எழுதினேன். ‘இதில் இல்லை’ என்ற அந்தச் சின்ன வரி பின்னால் வரும் பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடுகிறது. போன் நம்பரையும் லிங்க்கையும் விவரத்துக்குள் திணிக்கவில்லை. அவற்றுக்குப் புரொஃபைலில் தனி இடம் உண்டு.

விலையில்தான் ரொம்ப யோசித்தேன். `Fixed` போட்டால் அதையே பிடித்துக்கொள்வார்கள், முகூர்த்தம் மதியம் வரை இழுத்தாலும் அதே காசு. `No price` போட்டால் விலை மட்டும் கேட்கிற போன்கள் குவியும். `From` வைத்து 18,000 போட்டேன். பார்க்கிறவர் கண்ணில் பதிவது அந்த எண் மட்டும்தான், முன்னால் இருக்கும் சொல்லை யாரும் படிப்பதில்லை. ஆகவே அந்த எண்ணுக்கு உண்மையிலேயே ஒரு வேலையை முடித்துத் தர முடிய வேண்டும். ஆளை இழுப்பதற்காக 8,000 போட்டுவிட்டுப் போனில் 20,000 சொல்பவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு வரும் திட்டையும் தெரியும்.

பலன் எப்படித் தெரிந்தது என்றால், போனில் கேட்கும் கேள்வி மாறியது. நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் பேசினார்.

“தம்பி, திருவந்திபுரத்துல கல்யாணம். பதினெட்டாயிரம்னு போட்டிருக்கீங்க. சாயந்திரம் வீட்டுகிட்ட சின்ன மண்டபத்துல வரவேற்பு வெச்சிருக்கோம், அதுவும் இதுல வருமா?”

“வராதுங்க அய்யா. காலை பதினோரு மணி வரைதான் அது. வரவேற்பு தனியா பதினாலாயிரம் ஆகும். ஆனா ஆல்பம் ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணாவே போட்டுக்கலாம், பத்து ஷீட் கூட்டித் தர்றேன்.”

“அப்ப முப்பத்தி ரெண்டு. வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்பா.”

அன்று இரவே முன்பணம் வந்தது. முன்பெல்லாம் இதே பேச்சு ‘உங்க பேக்கேஜ் என்ன சார்’ என்று தொடங்கி, நான் வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு பட்டியல் அனுப்பி, பதிலே வராமல் முடியும்.

இந்தப் பகுதியை நிரப்பினால் தேடலில் மேலே வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேட்டகரி, தேடுபவர் எங்கே இருக்கிறார் என்பது, ரிவ்யூ இவைதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன. சர்வீசஸ் செய்வது வேறொன்று. தேடிய சொல்லோடு நம் சேவை பொருந்தினால் முடிவுப் பட்டியலில் நம் பெயருக்குக் கீழே சில சமயம் `Provides:` என்று அந்தச் சேவை ஒரு வரியாக வரும். நாலு போட்டோகிராபர் வரிசையாகத் தெரியும்போது நம்முடையதைத் தொடுவதற்கு அது போதும். `Performance` பக்கத்தில் எந்தச் சொல்லைத் தேடி நம்மிடம் வந்தார்கள் என்றும் பார்க்கலாம். குறைவாகத் தேடியவற்றுக்கு எண் வராது, `<15` என்றுதான் காட்டும். எனக்குக் கோயில் பெயர் சேர்ந்த தேடல்கள் எல்லாம் அந்த வகைதான். எண்ணிக்கை சிறிது, ஆனால் வருபவர் தேதியோடு வருகிறார்.

எடிட்டிங் கதை வேறு. `Video editing service` சேர்த்ததும் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள், ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு என்று. அதைத் தவிர்க்கத்தானே இதெல்லாம்! கேட்டகரியை எடுத்துவிடாமல் சேவையை மாற்றி எழுதினேன். பல வீடுகளில் கல்யாண வீடியோ எடிட் ஆகாமலே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. எடுத்தவர் பாதியில் விட்டிருப்பார், அல்லது பாக்கிப் பணத் தகராறு. அந்தக் குடும்பங்களுக்காக ‘எடிட் செய்யாத கல்யாண வீடியோவை முடித்துத் தருதல்’ என்று போட்டு, எத்தனை கேமரா, எத்தனை மணி நேரம், டிஸ்க் திறக்கிறதா என்று சொல்லிவிட்டுக் கூப்பிடும்படி விவரத்தில் எழுதினேன். இதற்கு மட்டும் `No price`. மூன்று கேமரா, இரண்டு நாள் என்றால் ஒன்றோடொன்று ஒலியைப் பொருத்துவதற்கே பொழுது போய்விடும். டிஸ்க்கைப் பார்க்காமல் சொல்லும் எந்த விலையும் யாரோ ஒருவருக்கு நஷ்டம்தான்.

அவ்வப்போது உள்ளே போய்ப் பார்ப்பதும் அவசியம். நாம் சேர்க்காத சேவையைக் கூகுளே சேர்த்திருக்கும். என் பட்டியலில் ஒருமுறை நான் செய்யாத போர்ட்ரெய்ட் வேலை வந்து உட்கார்ந்திருந்தது. நீக்கினால் போய்விடும். கேட்டகரியை மாற்றும்போது அதன் கீழ் எழுதியவை காணாமல் போகலாம் என்பதால் எல்லா விவரத்தையும் போனில் ஒரு நகல் வைத்திருக்கிறேன்.

புதுச்சேரிக்காகக் கடைசியாகச் சேர்த்தது ப்ரீ-வெட்டிங். கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காலையில் சூரியன் கடலிலிருந்து எழும் வெளிச்சம், வெறும் சாலை இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அந்த நேரத்துக்குள் மட்டும்தான். ஆகவே ‘காலை 5.30க்கு மேக்கப் முடித்துக் கடற்கரைச் சாலையில் இருக்க வேண்டும், 7.30க்குப் பிறகு ஒயிட் டவுன் தெருக்கள்’ என்று விவரத்திலேயே எழுதிவிட்டேன். பத்து மணிக்கு வரலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூப்பிடுவதில்லை.