24 ரீசேர்ட்டுக்கு நாங்கள் போட்ட கணக்கு

சித்திரைப் புத்தாண்டு கிரிக்கெட் போட்டிக்கு எங்கள் கல்லடிக் கழகத்துப் பொடியன்களுக்கு ரீசேர்ட் அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 24 பேர். மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் விசாரித்தேன். கடுநீல ரீசேர்ட் ஒன்று 950 ரூபாய் என்றார்கள். 24 × 950 = 22,800. வீட்டுக்கு வந்து, ஆளுக்கு 1,000 ரூபாய் போதும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

அந்த 950 வெறும் சட்டையின் விலை. மறுநாள் சின்னத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் மிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், அதாவது மை இறங்கும் வலைச்சட்டம் செய்ய வேண்டும், ஒன்றுக்கு 1,500. அதற்கு மேல், ஒரு நிறம் ஒருமுறை அடிக்க சட்டைக்கு 50 ரூபாய்.

எங்கள் சின்னத்தில் மஞ்சளும் சிவப்பும் மட்டும்தான். ஆனால் கடைத் தம்பி, “மூன்று ஸ்கிரீன் வேணும் அண்ணன்” என்றார். கடுநீலத் துணியில் மஞ்சளை நேரே அடித்தால் துணியின் நிறம் உள்ளிருந்து தெரிந்து, மஞ்சள் மங்கிப் பச்சைபோலப் போகுமாம். அதனால் முதலில் வெள்ளையில் அடிப்பூச்சு அடித்துக் காயவைத்து, அதன்மேல்தான் மற்ற நிறங்கள். பழைய துணித்துண்டில் அடித்தும் காட்டினார். அவர் சொன்னது சரிதான். முதுகில் கழகப் பெயர் வெள்ளையில், அதற்கு இன்னொரு ஸ்கிரீன்.

ஆக 4 ஸ்கிரீன் 6,000. அடிகூலி 4 × 50 × 24 = 4,800. மொத்தம் 33,600, ஒரு சட்டை 1,400. ஆளுக்கு 400 ரூபாய் கூடக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கூலித் தொழிலுக்குப் போகும் பொடியன்களும் அதில் இருக்கிறார்கள்.

சின்னத்தை முழுக்க வெள்ளையாக்கினால் எப்படி என்று கேட்டேன். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டே ஸ்கிரீன்: 3,000. அடிகூலி 2,400. மொத்தம் 28,200, சட்டை 1,175. கடுநீலத்தில் வெள்ளை நல்ல எடுப்பாகவும் இருந்தது. இலக்கம் போடவில்லை. ஒவ்வொரு சட்டைக்கும் வேறு இலக்கம் என்பதால் அதை ஸ்கிரீனில் அடிப்பதில்லை. வெட்டி எடுத்துச் சூட்டில் ஒட்டுவார்கள். எத்தனை சட்டை கொடுத்தாலும் அந்தக் கூலி பெரிதாக இறங்காது.

நான் பிழைவிட்டது எண்ணிக்கையில். சட்டைகள் வந்து இரண்டு கிழமைக்குள் புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள். கடைக்குப் போனால், ஸ்கிரீன்களைக் கழுவி வேறு வேலைக்கு எடுத்துவிட்டார்கள். மறுபடி 3,000. அதை மூன்று சட்டைக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1,000. சட்டையும் அடிகூலியும் சேர 2,050. முதலிலேயே 27 ஆகக் கொடுத்திருந்தால் அந்த மூன்றுக்கும் 3,150 ரூபாய்தான் கூடியிருக்கும். இப்போது 6,150 கொடுத்தோம்.

அடுத்த முறை முற்பணம் கட்டும்போதே, ஸ்கிரீனை எத்தனை நாள் கழுவாமல் வைத்திருப்பார்கள் என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கப் போகிறேன். பெரிய அளவில் இரண்டு சட்டை கூடவும் அடிப்பேன்.