அத்தை எண்ணாத சிட்-அப்

நேற்று ராத்திரி சீரியல் விளம்பர இடைவேளையில் எங்கள் வீட்டு ஹாலில் பஞ்சாயத்து. இவர் பாயில் மல்லாந்து படுத்து சிட்-அப் எடுக்க, அத்தை வழக்கம்போல் பாதத்தின் மேல் உட்கார்ந்து எண்ண, ஒரு நிமிடம் முடிந்தபோது இவர் கணக்கில் 34, அத்தை கணக்கில் 27. "கை காதை விட்டு வந்துச்சு, முழங்கை முட்டியில படல, அதெல்லாம் எப்படிப்பா எண்றது?" என்று அத்தை கேட்டதற்கு, "அம்மா, நீ யாரு பக்கம்?" என்று இவர் அலறியது பக்கத்து வீட்டு ஆன்ட்டிவரை கேட்டிருக்கும். ராணுவ உடற்தகுதித் தேர்வான ஐபிபிடியின் விதிமுறை வீடியோவை அத்தைக்குப் போட்டுக் காட்டியதே இவர்தான். அதுக்கப்புறம் அந்த மனுஷி தேர்வில் எண்ணும் இயந்திரத்தைவிடக் கறாராகிவிட்டார்.

சிங்கப்பூரில் ரிசர்விஸ்ட் ஆண்களுக்குப் பிறந்தநாள் என்பது கேக் வெட்டும் நாள் இல்லை, கெடு முடியும் நாள். பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாளுக்குள் இந்த ஐபிபிடியை முடித்தாக வேண்டும். பதினோரு மாதம் சும்மா இருந்துவிட்டுக் கடைசி மாதத்தில் ஷூவைத் தேடுகிற பரம்பரை இவருடையது. போன தடவை 56 புள்ளி. 51 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் 61 தொட்டால்தான் 200 வெள்ளி. 75-க்கு 300, 85-க்கு 500. ஆக, பாஸ் ஆகிவிட்டார், காசுதான் வரவில்லை. அந்த 200 வெள்ளி போன துக்கம் எங்கள் வீட்டில் பெரிய காரியம்போல் அனுசரிக்கப்பட்டது. அதனால்தான் இந்த வருஷம் மூன்று மாதம் முன்னாலேயே ஆரம்பம். அட்டவணை போட்டது பாலிடெக்னிக்கில் ஓட்டக்காரியாக இருந்த நான். இதை யாராவது ஞாபகம் வைத்திருந்தால் நல்லது.

மொத்தம் 100-இல் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் 50. புஷ்-அப், சிட்-அப் இரண்டுக்கும் 25, 25. புஷ்-அப்பில் ஆரம்பத்தில் புள்ளி சுலபமாக ஏறும், மேலே போகப் போக ஒரு புள்ளிக்குப் பல தடவை எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் நம்ம ஊர் ஆண்கள் ஹாலில் எல்லாரும் பார்க்க எடுக்கும் புஷ்-அப்பைத்தான் விரும்புகிறார்கள். சரி, எடுக்கட்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: மூச்சு முட்டும்வரை போகக்கூடாது. அதிகபட்சம் 20 வருமென்றால் பத்துப் பத்தாகக் காலை, மதியம், சாயந்திரம், நெஞ்சு கீழே இறங்கி, கை முழுசாக நீண்டு. இடுப்பு தொங்கும் புஷ்-அப் நூறு எடுத்தாலும் தேர்வில் கணக்கில் வராது.

ஓட்டம்தான் பெரிய கூத்து. ஸ்டேடியத்தில் 2.4 கிலோமீட்டர் என்றால் 400 மீட்டர் சுற்று ஆறு. போன வருஷம் இவர் ஓடிய சுற்றுகளை என் ஸ்டாப்வாட்சில் பிடித்து வைத்திருக்கிறேன்: முதல் சுற்று 1:42, யாரோ துரத்துகிற மாதிரி. இரண்டாவது 1:58, மூன்றாவது 2:12, நாலாவது 2:22, ஐந்தாவது 2:24. கடைசிச் சுற்றில் பக்கத்தில் ஒரு பெண் வந்ததும் 2:16. மொத்தம் 12:54. அத்தனை சுற்றையும் 2:05-இல் நிதானமாக ஓடியிருந்தாலே 12:30. ஆரம்பத்தில் அள்ளிக் கொடுத்ததைக் கடைசியில் வட்டியோடு கட்டினார். அதனால் இந்த வருஷம் வாரத்துக்கு ஒரு நாள் 400 மீட்டரை 2 நிமிடத்தில், ஆறு தடவை, நடுவில் 2 நிமிடம் நடை. மற்ற இரண்டு நாள் யீஷூன் பார்க் கனெக்டரில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இவர் பேசுவதை நிறுத்தவே மாட்டார் என்பதால் அது மட்டும் ஒழுங்காக நடந்தது.

சாப்பாட்டில்தான் சிக்கல். 83 கிலோ. தொப்பை குறைந்தால் ஓட்டம் தானாகவே லேசாகும், உண்மைதான். அதற்காகத் திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் "இனி சோறே கிடையாது" என்று அறிவித்துவிட்டார். காலையில் முட்டை, மதியம் காப்பிக்கடையில் யோங் தாவ் ஃபூ, நூடுல்ஸ் வேண்டாம், ராத்திரி கோழியும் வெள்ளரிக்காயும். முதல் வாரத்தில் 2 கிலோ இறங்கியதும் கண்ணாடி முன்னால் நின்றதைப் பார்க்க வேண்டுமே! அதில் பெரும்பாலும் தண்ணீர்தான் என்றேன். சோற்றிலிருந்து வரும் மாவுச்சத்து தசையில் சேரும்போது கூடவே தண்ணீரையும் பிடித்து வைக்கும், சேமிப்பு காலியானால் தண்ணீரும் போய்விடும். காதில் விழவில்லை.

அந்த வாரம் ஸ்டேடியத்தில்: 1:58, 2:01, 2:14, 2:25, அப்புறம் புல்லில் உட்கார்ந்துவிட்டார். கவனித்தால், போன வருஷம் மாதிரி வாயால் மூச்சு விடவில்லை. "மூச்சு வாங்கல, காலு மட்டும் வரமாட்டேங்குது" என்றார். அதுதான் அடையாளம். வேகமாக ஓட தசைக்கு அந்தச் சேமிப்புதான் எரிபொருள். அது தீர்ந்தால் மூச்சு நன்றாக இருந்தாலும் கால் கனக்கும். ஓடும் நாளுக்கு முந்தின ராத்திரி சோறு சாப்பிடுங்கள், மற்ற நாளில் பாதி குறையுங்கள், தினம் ஏறக்குறைய 500 கலோரி குறைந்தால் போதும், வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கும், அதைவிட வேகமாக இறங்கினால் இப்படித்தான் புல்லில் உட்கார வேண்டும் என்று வீடு வரும்வரை சொன்னேன். புரதத்துக்குக் கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது 130 கிராம் பக்கம். கோழி, மீன், தாவ் குவா, பருப்பு, முட்டை எல்லாம் சேர்த்தால் வந்துவிடும் என்றும் சொன்னேன். "ம்" என்றார்.

வீட்டில் அத்தை கதவைத் திறந்தார். முகத்தைப் பார்த்ததும் ஒரே வரி: "சோறு திங்காம எப்படிப்பா ஓடுவே?" அவ்வளவுதான். இவர் கண்ணில் ஏதோ வெளிச்சம் பட்ட மாதிரி. மறுநாளிலிருந்து அத்தையின் ஏற்பாடு: ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி இரண்டு கரண்டி சோறு, தேங்காய்ப்பால் இல்லாத மீன் குழம்பு; மற்ற நாளில் ஒரு கரண்டி, நிறையக் கீரை, கோழி; வழக்கமான டீக்குப் பதிலாக பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். நான் சொன்னதேதான், அளவு மட்டும் கரண்டியில். அடுத்த வாரம் ஆறு சுற்றும் 1:57-க்கும் 2:01-க்கும் நடுவில். எடை நிதானமாக 80-க்கு வந்தது.

இப்போது அத்தை ஜொகூரில் இருக்கும் தங்கச்சிக்கு போன் போட்டு, "அவனுக்கு நான்தான் கோச்சு" என்று சொல்கிறார், இவர் பாதத்தின் மேல் உட்கார்ந்தபடியே. நேற்றைய 27-ஐ இவரும் கடைசியில் ஒப்புக்கொண்டார், ஏனென்றால் அத்தை எண்ணாததை அந்த இயந்திரமும் எண்ணாது. தேர்வு அடுத்த வாரம். 75 எடுத்தால் கிடைக்கும் 300 வெள்ளியில் முஸ்தஃபாவில் அத்தைக்கு மிக்ஸி என்பதும், அது சிவப்பு நிறம் என்பதும்கூட முடிவாகிவிட்டது. என் ஸ்டாப்வாட்சில் பேட்டரி தீர்ந்து, போன வியாழக்கிழமையிலிருந்து திரை மங்கிக் கிடக்கிறது, அதைப் பற்றி இந்த வீட்டில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை.