ஒரு 'த்' போதும்னு இருந்த இடத்துல நான் வாக்கியத்தையே மாத்தி வச்சிருந்தேன்

போன வருஷம் ஒரு அம்மாவோட வாழ்க்கை நினைவுகளுக்கு மெய்ப்பு பார்த்து குடுத்தேன், 140 பக்கம் இருக்கும். முதல் அத்தியாயம் திருப்பி அனுப்பின மறுநாள் போன் பண்ணி "தப்பெல்லாம் போயிடுச்சு தம்பி, ஆனா இது நான் எழுதின மாதிரி இல்லையேப்பா"னு தயங்கி தயங்கி சொன்னாங்க. எனக்கு திக்குனு ஆயிடுச்சு.

ட்ராக் சேஞ்சஸ் போடாமலே நேரா ஃபைல்ல திருத்தியிருந்தேன், அதனால என்ன மாத்தினேன்னு எனக்கே சரியா தெரியல. வேர்டுல கம்பேர் போட்டு மூல ஃபைலோட ஒப்பிட்டு பார்த்தா பக்கம் பூரா சிவப்பு.

அவங்க எழுதினது: "அம்மா கதவை தட்டவில்லை. நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்."

நான் ஆக்கினது: "அம்மா கதவைத் தட்டாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்."

இதுல உண்மையான பிழை ஒண்ணே ஒண்ணுதான், 'கதவை'க்கு அப்புறம் வரவேண்டிய 'த்'. மத்ததெல்லாம் என் ருசி. அந்த ரெண்டு முற்றுப்புள்ளியிலதான் அந்த அம்மா கதவு முன்னாடி நின்ன நேரமே இருந்துச்சு, அதை நான் 'வெகுநேரம்'னு ஒரு வார்த்தையில மூடிட்டேன்.

எல்லாத்தையும் தூக்கி போட்டுட்டு மூல ஃபைல்லேர்ந்து மறுபடி ஆரம்பிச்சேன், இந்த தடவை ட்ராக் சேஞ்சஸ் ஆன் பண்ணிட்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கிட்டேன், இதுக்கு விதி சொல்ல முடியுமா? 'ஐ' உருபுக்கு பின்னாடி வல்லினம் மிகும், சொல்லிடலாம், திருத்தலாம். 'இப்படி இருந்தா நல்லா இருக்கும்'னு மட்டும்தான் சொல்ல முடியுதுன்னா கை வைக்கக் கூடாது. ஒரு பத்தியில முற்றுப்புள்ளி எண்ணிக்கை மாறியிருந்தா அங்க நின்னு திரும்ப பார்த்தேன், பெரும்பாலும் அங்கதான் நான் எழுத ஆரம்பிச்சிருந்தேன்.

விதி இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு ஒற்று போடவும் முடியாது. 'வேலை கொடு'ன்னா பணி, 'வேலைக் கொடு'ன்னா முருகன் கையில இருக்கிறது. வசனத்துல பாட்டி "கதவ தட்டாதடி"ன்னு சொன்னா அது பாட்டியோட வாய், அதுல சந்தி பார்க்க என்ன இருக்கு, அப்படியே விட்டேன். கறுப்பு, கருப்பு ரெண்டும் கலந்து வந்துச்சு, ரெண்டுமே புழக்கத்துல உள்ளதுதான், அவங்க அதிகமா எழுதின 'கறுப்பு'க்கே எல்லாத்தையும் கொண்டு வந்தேன்.

விதியில அடங்காததுக்கெல்லாம் ஓரத்துல கமெண்ட், அதுவும் கேள்வியா மட்டும். "அக்கா உங்களைவிட 2 வயசு பெரியவங்கன்னு முன்னாடி வருது, இங்க 4னு இருக்கு, எது சரிம்மா?" "இந்த பத்தியில 'அப்புறம்' மூணு தடவை வருது, வேணும்னே எழுதினதா?"

வயசை அவங்களே 4னு சரி பண்ணி அனுப்பினாங்க. 'அப்புறம்'ல ஒண்ணை எடுத்துட்டு ரெண்டை வச்சுக்கிட்டாங்க, நானா இருந்தா எடுத்திருக்க மாட்டேன்னு தோணின ஒண்ணைத்தான் எடுத்திருந்தாங்க.