குரல் முடியுமுன் ஸ்லைட் ஓடிவிடாமல்: செயற்றிட்ட ஸ்லைட்களை வீடியோவாக்கும் முறை

குரல் சேர்த்த பவர்பொயின்ட் ஸ்லைட்களை வீடியோவாக்கி ஒப்படைக்கும்படி கேட்கும் பாடசாலைகள் இப்போது நிறைய. ஸ்லைட் செய்யத் தெரிந்த பிள்ளைகளும் கடைசிக் கட்டத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு ஸ்லைட்டில் பேச்சு பாதியிலேயே அறுந்துவிடும், அடுத்ததில் பேச்சு முடிந்து பத்துச் செக்கன் படம் சும்மா நிற்கும், இன்னொன்று ஐந்தே செக்கனில் ஓடிவிடும். இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: குரலின் நீளமும் ஸ்லைட்டின் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆகவே முதலில் குரல், பிறகு நேரம், கடைசியில் வீடியோ என்ற ஒழுங்கில் வேலை செய்ய வேண்டும்.

தரம் 10 குழுவொன்றின் செயற்றிட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தலைப்பு, “கொழுந்து தேயிலைத் தூளாவது எப்படி”. மொத்தம் ஏழு ஸ்லைட்: தலைப்பு, கொழுந்து பறித்தல், வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்திச் சலித்தல், நன்றி. வீடியோ மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது ஆசிரியர் வைத்த எல்லை.

குரலைப் பவர்பொயின்டுக்குள்ளேயே பதியலாம். Slide Show பகுதியில் உள்ள Record Slide Show அதற்குத்தான். பேசிக்கொண்டே ஸ்லைட்களை மாற்றினால் நேரமும் தானாகப் பதிந்துவிடும். ஆனால் ஒரு ஸ்லைட்டிலிருந்து மற்றதற்கு மாறும் அந்தக் கணத்தில் அது குரலைப் பதிவதில்லை. “அடுத்து” என்று சொல்லிக்கொண்டே கிளிக் செய்தால் அந்தச் சொல் காணாமல் போகும். நான்காவது ஸ்லைட்டை மட்டும் திருத்திப் பேசிவிட்டு, பதிவை நிறுத்தாமல் அடுத்ததற்குப் போனால், ஐந்தாவதில் ஏற்கெனவே நன்றாக இருந்த குரலும் அழிந்து புதுப் பதிவு ஏறிவிடும். பாடசாலைக் கணினிகள் பலவற்றில் மைக்கும் இருப்பதில்லை. அதனால் போனில் ஸ்லைட்டுக்கு ஒரு கோப்பாகப் பதிந்து, கணினியில் சேர்ப்பதே மாணவருக்குக் கைகொடுக்கும் வழி. ஒரு ஸ்லைட் பிழைத்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பேசினால் போதும்.

பதியும்போது போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி. குழுவில் யார் பேசினாலும் அதே இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் குரல் ஓங்கியும் அடுத்தவர் குரல் தேய்ந்தும் கேட்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. தகரக் கூரையில் விழும் மழைச்சத்தம் நம் காதுக்குப் பழகிப்போனது. பேசும்போது அது பெரிதாகவே தெரியாது. பதிவை ஹெட்போனில் கேட்கும்போதுதான் பேச்சு முழுவதும் ஓர் இரைச்சலுக்குள் அமிழ்ந்து கிடப்பது தெரியும். அதைப் பிறகு சுத்தமாக எடுக்க முடியாது. மழை விட்ட நேரமாகப் பார்த்து, கட்டிலும் போர்வையும் துணிகளும் நிறைந்த அறையில் பதியுங்கள். வெற்றுச் சுவர் அறையில் பேச்சு எதிரொலிக்கும்.

பதிந்ததை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள். அது .opus என்ற வகைக் கோப்பு; பவர்பொயின்ட் ஏற்கும் வகைகளில் அது இல்லை. போனிலுள்ள குரல் பதியும் செயலியில் .m4a அல்லது .mp3 ஆகப் பதிந்து, கேபிளில் அல்லது வாட்ஸ்அப்பில் Document ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே வந்து சேரும். பெயரை 01, 02, 03 என்று ஸ்லைட் இலக்கப்படி வையுங்கள்.

இப்போது கணினியில் ஸ்லைட்டைத் திறந்து, Insert பகுதியில் Audio வழியாக உரிய கோப்பைச் சேருங்கள். ஸ்பீக்கர் படம் ஒன்று வந்து உட்காரும். அதைத் தெரிவுசெய்தால் மேலே Playback பகுதி தோன்றும். அங்கே Start என்பதை Automatically ஆக மாற்றி, Hide During Show என்பதில் குறியிடுங்கள். முதலாவதை விட்டால் குரல் கிளிக்குக்காகக் காத்துக்கிடக்கும். இரண்டாவதை விட்டால் வீடியோ முழுவதும் ஸ்பீக்கர் படம் தெரியும். பக்கத்திலேயே இருக்கும் Play in Background என்ற பொத்தானைத் தொடவே வேண்டாம். அது பின்னணி இசைக்கானது. அதை அழுத்தினால் வாட்டுதல் பற்றிய பேச்சு உருட்டுதல் ஸ்லைட்டுக்குள்ளும் தொடர்ந்து ஓடி, இரண்டு குரல் ஒன்றாகக் கேட்கும்.

அதே Playback பகுதியில் Trim Audio இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் போன் பொத்தானை அழுத்திய சத்தத்தை அதில் வெட்டிவிடலாம். வெட்டிய பிறகு அந்த ஜன்னலிலேயே Duration என்று மிஞ்சிய நீளம் தெரியும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வேலை முழுவதும் அந்த எண்களை வைத்துத்தான்.

நம் குழுவின் எண்கள் இவை என்று வைப்போம்: 8, 31, 38, 27, 34, 36, 10 செக்கன். கூட்டினால் 184, அதாவது 3 நிமிடம் 4 செக்கன். நாலு செக்கன்தானே கூட என்று தோன்றும். ஆனால் வீடியோவின் நீளம் குரல்களின் கூட்டுத்தொகை மட்டுமல்ல. ஒவ்வொரு ஸ்லைட்டிலும் பேச்சு முடிந்தபின் ஒரு செக்கன் மூச்சுவிட இடம் வேண்டும், அது 7. ஸ்லைட் மாறும் நேரமும் தனியாகச் சேரும். Fade மாற்றம் 0.70 செக்கன் என்றால் ஏழுக்கும் 4.9. ஆக மொத்தம் 195.9, ஏறக்குறைய 3 நிமிடம் 16 செக்கன்.

கூடுதலாக இருக்கும் 16 செக்கனைக் குறைக்க ஸ்லைட்டின் நேரத்தைக் குறைப்பது வழியல்ல, கடைசிச் சொற்கள் வெட்டுப்படலாம். குறைக்க வேண்டியது பேச்சை. ஸ்லைட்டில் எழுதியிருப்பதையே திரும்ப வாசிக்கும் வரிகளை முதலில் எடுங்கள். உலர்த்திச் சலித்தல் ஸ்லைட்டில் தேயிலைத் தரங்களின் பெயர்கள் எழுதியே இருக்கின்றன, அவற்றை வாய்விட்டு வாசிக்கத் தேவையில்லை. 36 செக்கன் 28 ஆகிவிடும். வாட்டுதல் ஸ்லைட்டிலும் அப்படியே 38 ஐ 28 ஆக்கலாம். இப்போது குரல் 166, இடைவெளி 7, மாற்றம் 4.9. மொத்தம் 177.9, மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கீழே. அந்த இரண்டு ஸ்லைட்டையும் மட்டும் திரும்பப் பதிந்து, பழைய ஸ்பீக்கர் படத்தை அழித்துவிட்டுப் புதியதைச் சேருங்கள். பழையது மறைந்துகிடந்தால் இரண்டு குரலும் ஒலிக்கும்.

அடுத்தது நேரம் குறித்தல். இதில் ஒழுங்கு மிக முக்கியம். முதலில் Transitions பகுதியில் Fade ஐத் தெரிவுசெய்து, Duration இல் 00.70 இட்டு, Apply To All கொடுங்கள். அதன்பிறகுதான் ஸ்லைட் ஸ்லைட்டாகப் போய் After என்பதில் குறியிட்டு நேரம் எழுத வேண்டும். தலைகீழாகச் செய்தால், எல்லா நேரத்தையும் கவனமாக எழுதி முடித்தபின் அழுத்தும் Apply To All, நீங்கள் நிற்கும் ஸ்லைட்டின் நேரத்தையும் சேர்த்தே எல்லாவற்றுக்கும் பரப்பிவிடும். ஏழும் ஒரே நேரத்துக்கு மாறிவிடும். அப்படி நடந்தால் உடனே Ctrl+Z.

After இல் எழுத வேண்டியது குரலின் நீளத்தோடு ஒரு செக்கன். வாட்டுதலுக்கு 29 என்று எழுதினால் 00:29.00 என்று காட்டும். குரல் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் 1:05 என்று இரட்டைப்புள்ளியோடு எழுத வேண்டும். 1.05 என்று புள்ளி வைத்தால் அது ஒரு செக்கனும் சொச்சமும்தான். மாற்றங்களில் Fade ஒன்றே போதும் என்பது எம் உறுதியான கருத்து. சுழல்வதும் பறப்பதும் பார்ப்பவரின் கண்ணைக் கொழுந்திலிருந்து இழுத்துவிடும், நேரத்தையும் தின்னும்.

ஒரு ஸ்லைட்டுக்குள்ளேயே படங்கள் பேச்சோடு சேர்ந்து வர வேண்டும் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். வாட்டுதல் ஸ்லைட்டில், கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்று விடும் நீளத் தொட்டியின் படம், பேச்சு தொடங்கிய 12 ஆவது செக்கனில் வர வேண்டும் என்று வைப்போம். Animations பகுதியில் Animation Pane ஐத் திறந்தால் குரலும் படமும் வரிசையாகத் தெரியும். குரலை மேலே இழுத்து முதலாவதாக வையுங்கள். படத்துக்கு Start இல் With Previous, Delay இல் 12.00. இங்கே After Previous கொடுத்தால் குரல் முழுவதும் முடியும்வரை படம் காத்திருக்கும். பேச்சு ஓய்ந்தபின் வந்து நிற்கும். படம் பிந்தி வருகிறது என்று திணறுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வீடியோவாக்குமுன் View பகுதியில் Slide Sorter க்குப் போங்கள். ஒவ்வொரு ஸ்லைட்டின் கீழும் அதன் நேரம் தெரியும். எதன் கீழாவது எண் இல்லையென்றால் அதில் After விடுபட்டிருக்கிறது. வீடியோவில் ஐந்து செக்கனில் ஓடிப்போகும் ஸ்லைட் அதுவாகத்தான் இருக்கும். பிறகு F5 அழுத்தி, மவுஸைத் தொடாமல் முழுவதையும் ஒருமுறை பாருங்கள்.

File, Export, Create a Video. தரத்துக்கு HD 720p போதும். ஸ்லைட்டில் சிறிய எழுத்து இருந்தால் மட்டும் 1080p. அடுத்த பெட்டியில் Use Recorded Timings and Narrations இருக்க வேண்டும். Don't Use என்று இருந்தால் நீங்கள் எழுதிய நேரங்கள் எதுவும் எடுபடாது. சேமிக்கும் வகை MPEG-4. திரையின் அடியில் ஒரு பட்டை மெதுவாக நகரும். அது முடியுமுன் பவர்பொயின்டை மூடினாலோ கரண்ட் போனாலோ கோப்பு பாதியில் நின்று, திறக்கவே திறக்காது. மேசைக் கணினியில் யூபிஎஸ் இல்லாவிட்டால், மின்வெட்டு அறிவித்த நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

எழுத்துருவுக்காகவும் ஒரு கவனம் வேண்டும். பாமினியில் தட்டச்சு செய்த ஸ்லைட்டை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் “அம்மா” என்பது mk;kh என்று நிற்கும். வீடியோ, ஆக்கும் நேரத்தில் திரையில் தெரிவதையே அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆகவே ஸ்லைட் செய்த கணினியிலேயே வீடியோவையும் ஆக்குங்கள். கடையில் ஆக்க வேண்டியிருந்தால் முதலில் எல்லா ஸ்லைட்டையும் புரட்டி எழுத்தைப் பாருங்கள். ஒருங்குறியில் தட்டச்சு செய்திருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

முடிந்த வீடியோவை வேறொரு போனிலோ டீவியிலோ போட்டு, ஒவ்வொரு ஸ்லைட்டின் கடைசிச் சொல்லும் முழுதாகக் கேட்கிறதா என்று பாருங்கள். ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் கேலரியிலிருந்து வீடியோவாக அனுப்பாமல் Document ஆக அனுப்புங்கள். கேலரி வழியே போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். படங்கள் தப்பினாலும், அடியில் எழுதிய சிறிய தமிழ் எழுத்துகளின் புள்ளியும் கொம்பும் மங்கிப்போகும்.