ஷட்டரை இறக்கிய பிறகு யாருக்குத் தெரியும் அந்த நோட்டீஸ்?

தையல் கடைக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைப்பது ஆடியில்தான். முகூர்த்தம் இல்லை, கல்யாண ப்ளவுஸ் அவசரம் இல்லை. ஆவணி பிறந்துவிட்டால் தலை தூக்க முடியாது. அதனால் 2025 ஆடியில், தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்காக மதுரைக் கடையை ஒரு வாரம் மூடினேன். ஜூலை 21 திங்கள் முதல் 27 ஞாயிறு வரை. ஊருக்குப் போனது, கொடை நடந்தது எல்லாம் சுகம். அந்த ஒரு தாள் நோட்டீஸ்தான் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

நோட்டீஸை அச்சடிக்கக் கொடுத்த கடையில் இருந்த தம்பி, நான் எழுதிக் கொடுத்ததோடு தலையில் ஒரு வரியை அவனாகவே சேர்த்துவிட்டான்: "தவிர்க்க இயலாத காரணத்தால்". எல்லாரும் அப்படித்தான் போடுவார்களாம். ஒட்டிய அன்று சாயங்காலமே பக்கத்து டீக்கடை அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "யாருக்கும்மா, மாமியாருக்கா?" என்று கேட்டார். மாமியார் உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்தார்! அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு "கோயில் கொடைக்காக" என்று எழுதினேன்.

பெரிய தப்பு அது இல்லை. நோட்டீஸைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தேன். ஒரு வாரமாக வந்தவர்கள் எல்லாரும் படித்தார்கள், எனக்கும் திருப்தி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். திருமங்கலத்தில் இருந்து ஒரு அக்கா, செவ்வாய்க்கிழமை கடை வாசலில் நின்றுகொண்டு போன் செய்தபோதுதான் உறைத்தது. ஷட்டரை இறக்கினால் கண்ணாடிக் கதவு உள்ளே போய்விடுமே! திறந்திருக்கும் கடையில் "கடை விடுமுறை" என்று தெரிகிறது, மூடிய கடையில் ஒன்றுமே இல்லை.

டீக்கடை அண்ணனுக்குப் போன் செய்து, ஒரு தாளில் எழுதி ஷட்டரில் ஒட்டச் சொன்னேன். பாவம், ஒட்டினார். ஆனால் வரி வரியாக மேடு பள்ளமாக இருக்கும் ஷட்டரில், அதுவும் தூசியும் கிரீஸும் இருக்கும் இடத்தில், செல்லோடேப் எத்தனை நாள் நிற்கும்? மறுநாள் காலை தாள் சாக்கடை ஓரம் கிடந்ததாம். பிறகு அவரே ஒரு அட்டையில் ஓட்டை போட்டு, சணலால் பூட்டுக் கொண்டியில் கட்டித் தொங்கவிட்டார். அது கடைசி வரை அசையவில்லை. இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன். கண்ணாடிக்கு ஒன்று, பூட்டுக்கு ஒன்று.

அந்தத் திருமங்கலம் அக்காவின் பில்லில் டெலிவரி தேதி 22 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மூடப்போவது முடிவாகும் முன்பே எழுதிய பில். ஊருக்குப் போகும் முன் பில் புத்தகத்தைப் புரட்டி, அந்த வாரத்தில் டெலிவரி விழுபவர்களை மட்டும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் போதும். பிறகு புரட்டிப் பார்த்தால் மொத்தமே 6 பேர்தான். கால் மணி நேர வேலை. நான் அதை விட்டுவிட்டு வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் போட்டு எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நம் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். அந்த அக்காவிடம் இருந்தது பில்லில் அச்சடித்த நம்பர்தான்.

சரி, ஒரு வழியாக 28 திங்கள் காலை கடையைத் திறந்தேன். மதியம் வரை ஒரு ஆள் இல்லை. கோபித்துக்கொண்டு வேறு டெய்லரிடம் போய்விட்டார்களோ என்று வயிற்றைக் கலக்கியது. சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, நாளைக்குத்தானே திறப்பீங்க?" என்றாள். நோட்டீஸில் "21.07 முதல் 28.07 வரை விடுமுறை" என்று போட்டிருந்தேன். 28 காலையில் திறப்பேன் என்பது என் கணக்கு. படிப்பவர்களுக்கு 28-ம் லீவுதான். "வரை" என்ற ஒரு சொல்லால் ஒரு நாள் வியாபாரம் போனது. "ஒரு வாரம் விடுமுறை" என்று மட்டும் எழுதுவது இதைவிட மோசம். வியாழக்கிழமை வந்து பார்ப்பவருக்கு அந்த வாரம் என்றைக்குத் தொடங்கியது என்று எப்படித் தெரியும்?

மாசியில் சிவராத்திரிக்கு மறுபடி மூட வேண்டி வந்தபோது அட்டையை நானே எழுதினேன். திறக்கும் நாள்தான் மேலே, பெரிய எழுத்தில்:

"கடை திறக்கும் நாள்: 19.02.2026 வியாழன், காலை 10 மணி. 12 வியாழன் முதல் 18 புதன் முடிய விடுமுறை. அவசரத்துக்கு போன் செய்யவும்."

குடும்பத்தோடு வெளியூர் போகிறோம் என்பதை மட்டும் எழுதவில்லை. வீடு கடைக்கு மாடியில்தான் இருக்கிறது, யாருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் போனேன். ஷட்டர் முன்னால் துணிப்பையோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் திருமங்கலம் அக்கா.